மூன்று பேலட், ஐந்து படி

ஏற்றுமதிக்குப் போன எந்த மரப் பேலட்டையும் புரட்டிப் பாருங்கள். பக்கவாட்டுக் கட்டையில், சூடு வைத்த மாதிரி ஒரு முத்திரை இருக்கும். அதில் ஒரு கதிரின் படம், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, செய்தவருக்குக் கொடுத்த எண், கடைசியில் எச்.டி. அல்லது எம்.பி. என்ற இரண்டு எழுத்து. இந்த முத்திரைக்குக் காரணம் ஒரு வண்டு. 1996இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் நிழல்மரங்களின் தண்டில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் விழுந்தன. துளைத்தது சீனாவிலிருந்து சரக்கோடு வந்த பெட்டிமரத்தில் ஒளிந்திருந்த நீளக்கொம்பு வண்டு என்று தெரிந்தது. சரக்கு ஒரு நாட்டுக்குப் போனால் அதைச் சுமக்கும் கட்டைக்குள் பூச்சியும் கூடவே போகும் என்ற கவலை பல நாடுகளுக்கு இருந்தது. அதற்காக 2002இல் உலக அளவில் ஒரு விதி வந்தது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் ஏற வேண்டும், அந்தச் சூடு 30 நிமிடம் குறையாமல் நிற்க வேண்டும். அப்படிச் சுட்டது எச்.டி. மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் அடைத்து வைத்தது எம்.பி.

ஆக, கொலுவுக்குப் படி தேடி ஆம்பூர்ப் பக்கம் பழைய மரக்கடைக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு எழுத்தை. எம்.பி. என்றிருந்தால் விட்டுவிடலாம். வாயு எப்போதோ போயிருக்கும்தான், ஆனாலும் எச்.டி. நிறையக் கிடைக்கும்போது எதற்கு வம்பு. எச்.டி. என்றால் மரத்தில் மருந்து இல்லை, சூடு மட்டுமே கண்டிருக்கிறது. அதிலேயே ஒரு குறையும் இருக்கிறது. அன்று இருந்த புழு செத்ததே தவிர, நாளைக்கு வரப்போகும் கரையானுக்கு அந்தச் சூட்டினால் எந்தத் தடையும் கிடையாது.

முத்திரை இவ்வளவுதான் சொல்லும். முத்திரை எந்த நாட்டில் விழுந்தது, மரத்தை எப்படிப் பக்குவப்படுத்தினார்கள் என்பது தெரியும். அதன்மேல் எதை ஏற்றினார்கள் என்பது அதில் இருக்காது. வேறு ஊராக இருந்தால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதியில் அதுதான் முதல் கேள்வி.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் பேலட் பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே வந்து இரண்டு வகையான கட்டடத்துக்குள் நுழைகிறது. ஒன்று டேனரி. பாதி பதப்படுத்திய நீலத் தோல் ஈரத்தோடு அடுக்கடுக்காக அதன்மேல் வருகிறது. குரோம் உப்பு மூட்டை, சோடியம் சல்பைடு, எண்ணெய் டிரம், சாய டிரம் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. இன்னொன்று ஷூ கம்பெனி. அங்கே வருவது உள்ளங்கால் அட்டை, லைனிங் துணிச் சுருள், சோல், காலி அட்டைப்பெட்டி, எப்போதாவது ஒரு தையல் இயந்திரம். வந்து இறங்கியபோது இரண்டும் ஒரே பேலட்தான். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஒன்றை வீட்டுக்குள் வைக்கலாம், மற்றதை வைக்கக்கூடாது.

ஈரத் தோல் வடிகிற தண்ணீரை மரம் குடிக்கும். அந்தத் தண்ணீரில் குரோம் உப்பு இருக்கும், பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் போட்ட மருந்து இருக்கும். தோலில் இருக்கும் குரோம் மூன்றிணைதிறன் கொண்டது, ஆறிணைதிறன் குரோமியம் அளவுக்குக் கொடியது அல்ல. ஆனால் நாம் செய்யப் போவது அந்த மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பொடியாக்குவது. பொடி மூக்குக்குள் போகும், ஒன்பது நாள் குழந்தைகள் அந்தப் படியைத் தொட்டுக்கொண்டு நிற்பார்கள். டேனரிக் கழிவு பாலாற்றையும் கிணற்றையும் என்ன செய்தது என்பதற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்டில் தீர்ப்பும் வாங்கியது. அதே சரக்கைக் குடித்த கட்டையைக் கூடத்தில் வைப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணுக்கே பாதி தெரியும். பலகை இடுக்குகளிலும் ஆணியைச் சுற்றியும் சாம்பல் கலந்த நீலம் அல்லது பச்சைக் கறை இருந்தால் நீலத் தோல் சுமந்தது. வெள்ளைப் பொருக்கு பூத்திருந்தால் பச்சைத் தோலின் உப்பு. உப்பு ஏறிய மரம் மழைநாளில் தானாகவே ஈரம் இழுத்துக்கொள்ளும், ஆணி எல்லாம் செம்பொடியாக உதிரும். அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தாலும் சல்பைடு. கருத்து, தொட்டால் பிசுபிசுத்தால் எண்ணெய். எதுவும் தெரியாமல் சந்தேகம் மட்டும் இருந்தால் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து நாலு இடத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டும். தூசி பழுப்பாக வரும், அது பரவாயில்லை. நீலமோ பச்சையோ மஞ்சளோ ஒட்டினால் அங்கேயே வைத்துவிட்டு வரலாம். அந்த ஊர் ஆசாரிகளுக்கு இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. "இது நீலம் பார்த்த கட்டை சார், வேணாம்" என்று காலால் தள்ளிவிட்டு அடுத்ததைப் புரட்டுவார்கள். கழுவினால் போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. மேலே இருப்பது போகும். அரை அங்குலம் உள்ளே இறங்கியது, தேய்க்கத் தேய்க்க வெளியே வரும்.

ஷூ கம்பெனிப் பக்கத்துப் பேலட் ஒன்று சுத்தமாகக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். படத்தில் பார்த்த மாதிரி பேலட்டை நெட்டுக்குத்தாக நிறுத்தி, இடுக்குகளில் பலகை சொருகி, அலமாரி ஆக்குவது ஒரு வழி. அதைவிட்டுப் படுக்க வைத்தபடியே அடுக்குவது இன்னொரு வழி. கொலுவுக்கு இரண்டாவதுதான் சரி. கணக்கே அதைச் சொல்லும். நெட்டுக்குத்தாக நிற்கும் பேலட்டின் உயரம் 120 சென்டிமீட்டர், தரையில் அது பிடிக்கும் ஆழம் 14 சென்டிமீட்டர். பொம்மையும் சேர்த்து மொத்த எடை 30 கிலோ என்றால், உச்சியைப் பிடித்து முன்னால் இழுக்க எவ்வளவு விசை வேண்டும்? முன்விளிம்பிலிருந்து எடைமையம் 7 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. 30ஐ 7ஆல் பெருக்கி 120ஆல் வகுத்தால் ஒன்றேமுக்கால் கிலோ. தவழ்ந்து வந்து எட்டிப் பிடித்து எழுந்து நிற்கும் குழந்தை இதைவிட அதிகமாக இழுக்கும். கீழ்த்தட்டில் கனமான பொம்மை வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்வது பாதி உண்மை. மொத்த எடை மாறாமல், கனத்தை மட்டும் கீழே இறக்கினால், சாய்ந்தது திரும்பி நிற்க வாய்ப்பு கூடும். சாயத் தொடங்குவதற்கு வேண்டிய விசை அதே ஒன்றேமுக்கால் கிலோதான். நெட்டுக்குத்தாகத்தான் வேண்டும் என்பவர்கள் மேல்முனையில் இரண்டு எல் ஆங்கிள் வைத்துச் சுவரில் பிளக் போட்டு முடுக்கியே ஆக வேண்டும். வாடகை வீட்டில் அதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்.

படுக்க வைக்கும் வழிக்கு ஒரே மாதிரி மூன்று பேலட் போதும். நம் ஊரில் கிடைப்பவற்றில் தேட வேண்டியது, அகலம் 120, ஆழம் 100 சென்டிமீட்டர், அடியில் மூன்று நீளக்கட்டை ஓடும் ரகம். ஐரோப்பாவிலிருந்து வரும் 120க்கு 80 பேலட்டில் ஒன்பது கட்டைத்துண்டுகள்தான் இருக்கும். அதில் 78 ஆணி, எடை ஏறக்குறைய 25 கிலோ, சரக்கு 1,500 கிலோ வரை தாங்கும். உறுதியில் அதை மிஞ்ச முடியாது, ஆனால் வெட்டினால் துண்டுகளுக்கு நடுவில் பலகை அந்தரத்தில் நிற்கும். நீளக்கட்டை உள்ளதில் அந்தத் தொல்லை இல்லை. கட்டைகள் முன்னிருந்து பின்னாக ஓடும்படி பேலட்டைத் திருப்பி வைத்தால், மேல்பலகைகள் இடமிருந்து வலமாகக் கிடக்கும். இப்போது ரம்பத்தைப் பலகைக்கு இணையாக, மூன்று கட்டைகளின் குறுக்கே ஓட்டினால், வெட்டிய இரண்டு துண்டிலும் ஒவ்வொரு பலகையும் மூன்று கட்டைகளிலும் ஆணியோடு அப்படியே நிற்கும். எந்தப் பலகையையும் பிடுங்க வேண்டியதில்லை. இதைத் திருப்பிச் செய்தால், அதாவது கட்டைகளுக்கு இணையாக வெட்டினால், பலகையின் ஒரு முனை தொங்கிப்போகும்.

முதல் பேலட்டை வெட்டக்கூடாது. 100 சென்டிமீட்டர் ஆழத்தோடு அதுதான் கீழ்ப்படி. இரண்டாவதை 80, 20 என்று வெட்டினால் இரண்டாம் படியும் ஐந்தாம் படியும் கிடைக்கும். மூன்றாவதை 60, 40 என்று வெட்டினால் மூன்றாவதும் நான்காவதும். ஒரு துண்டுகூட மிச்சமில்லை, படியும் ஒற்றைப்படையில் ஐந்து. பின்பக்கத்தை எல்லாம் ஒரே கோட்டில் சேர்த்துச் சுவரை ஒட்டி அடுக்கினால் முன்னால் ஒவ்வொரு படிக்கும் 20 சென்டிமீட்டர் இடம், 14 சென்டிமீட்டர் உயரம். மொத்த உயரம் 70 சென்டிமீட்டர். ஒரு முழம் உயர தசாவதார செட் வைத்திருப்பவர்களுக்கு 20 சென்டிமீட்டர் நெருக்கடிதான். அவர்கள் மேல்படியை மட்டும் வெளியே வாங்கிய ஒரு பெஞ்சில் வைக்கலாம். மற்றபடி சாதாரண மண் பொம்மைக்கும் காகிதக்கூழ் பொம்மைக்கும் போதும்.

ரம்பம் போகும் கோடு சில சமயம் பலகையின் நடுவில் விழும். அப்போது கோட்டை ஓரிரு அங்குலம் நகர்த்தி, இரண்டு பலகைக்கு நடுவில் உள்ள இடைவெளியில் கொண்டுபோய் வெட்டுவது நல்லது. படியின் ஆழம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பொம்மைக்கு ஒன்றும் ஆகாது. 20 சென்டிமீட்டர் துண்டின் அடியில் ஒரே ஒரு அடிப்பலகைதான் மிஞ்சும், சில சமயம் அதுவும் இருக்காது. அடியில் ஒரு ரீப்பர் அடிக்காவிட்டால் மூன்று கட்டையும் தனித்தனியாக ஆடும். பேலட் ஆணிகள் முறுக்கு ஆணிகள். கடப்பாரை போட்டு நெம்பினால் ஆணி வராது, பலகை முனைதான் பிளக்கும். எங்காவது ஒரு பலகையைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால், பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் இரும்பறுக்கும் பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிட வேண்டும்.

அடுத்தது இழைப்பு. முதலில் வெயிலில் போட்டு நன்றாகக் காய வைக்க வேண்டும். வேலூர் வெயில் இந்த ஒரு வேலைக்கு நமக்கு உதவி. புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டால் காயாது, அதனால் ஆவணியிலேயே ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். தூக்கி நிற்கும் ஆணித்தலையை எல்லாம் பஞ்ச் வைத்து உள்ளே அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்புத்தாள் இரண்டு இழுப்பில் கிழியும். வெளியே, மூக்கில் முகமூடியோடு, மரத்தின் நார் ஓடும் திசையில் தேய்க்க வேண்டும். முதலில் 60 நம்பர், அது சிராயையும் ரம்பக் கோட்டையும் எடுக்கும். பிறகு 80, கடைசியாக 120. அதற்கு மேல் போவது வீண். படியை வேட்டி போட்டு மூடத்தான் போகிறோம். பாலிஷ் போட்ட பளபளப்பில் துணி வழுக்கவும் செய்யும். தேய்ப்பு முடிந்ததா என்று கையால் தடவிப் பார்க்கக்கூடாது. பழைய நைலான் துணி ஒன்றைப் பலகை மேலும் விளிம்பிலும் இழுத்துப் பார்க்க வேண்டும். எங்கே மாட்டுகிறதோ அங்கே சிராய் இருக்கிறது. பட்டுப்புடவை விரிக்கிற வீட்டில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. ஒரு சிராய் மாட்டினால் சரிகை நூல் முழு நீளத்துக்கு உருவிக்கொண்டு வரும். பார்ப்பவர்கள் முழங்கால் இடிக்கும் முன்விளிம்புகளை மட்டும் 60 நம்பரிலேயே நன்றாக உருட்டிவிட வேண்டும்.

இழைப்பில் ஆசை அதிகமானால் ஒரு ஆபத்து வரும். அழகாக வெள்ளை மரம் தெரியட்டும் என்று இயந்திர இழைப்புளியில் கொடுத்து, 20 மில்லிமீட்டர் பலகையை 15 ஆக்கிவிடுவார்கள். பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. கனத்தில் கால் பங்கு போனால் விறைப்பில் பாதிக்கு மேல் போய்விடும். கண்ணுக்கு அதே பலகைதான், ஆனால் அதே எடைக்கு இரண்டே கால் மடங்குக்கு மேல் தொய்யும். உப்புத்தாளில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு தாங்கும்? 1,500 கிலோ என்ற எண்ணைக் கேட்டுவிட்டு யாரும் மயங்க வேண்டாம். அது முழுப் பேலட், சரக்கு பரவலாக இருக்கும்போது. நம் படியில் ஒரு பொம்மை ஒரே பலகையின் நடுவில் நிற்கும். 10 சென்டிமீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் கனமுள்ள பைன் பலகை, இரண்டு கட்டைகளுக்கு இடையே 55 சென்டிமீட்டர் இடைவெளி. நடுவில் 10 கிலோ வைத்தால் தொய்வு முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு, கண்ணுக்கே தெரியாது. நடுக்கட்டை உடைந்தோ கழன்றோ போய், இடைவெளி 110 ஆகிவிட்டால் அதே பொம்மைக்குத் தொய்வு எட்டு மடங்கு, சுமார் 5 மில்லிமீட்டர். இடைவெளி இரட்டிப்பானால் தொய்வு எட்டு மடங்காகும், இதில் மரத்தின் ரகம் பார்க்க வேண்டியதில்லை. 5 மில்லிமீட்டரில் பலகை ஒடியாது. ஆனால் அதன்மேல் நிற்கும் ஒல்லிப் பொம்மைகள் எல்லாம் நடுவைப் பார்த்துச் சாயும். யாராவது பக்கத்தில் நடந்தால் ஆடும். ஆகவே வாங்கும்போது மேல்பலகையைவிட நடுக்கட்டையைத்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் நல்ல கட்டை கணீரென்று பதில் சொல்லும், வெடித்தது மந்தமாகச் சத்தம் தரும். பலகை நடுவில் பெரிய கணு இருந்தாலும் வேண்டாம். ஒடிவது பெரும்பாலும் அங்கேதான்.

நான் வைத்திருக்கும் அளவு, ஒரு பலகைக்கு 10 கிலோ, ஒரு படிக்கு 30 கிலோ. கணக்குப்படி இன்னும் தாங்கும்; ஆனால் இது எங்கெங்கோ மழையில் கிடந்த பழைய மரம், ஃபோர்க்லிஃப்ட் எத்தனை முறை இடித்ததோ தெரியாது. நிச்சயப்படுத்திக்கொள்ள எளிய வழி உண்டு. பொம்மை ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு ஒவ்வொரு படியிலும், இரண்டு கட்டைகளுக்கு நடுவில், 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை ஏற்றி, இராத்திரி முழுக்க விட வேண்டும். காலையில் பலகையின் இரண்டு முனைக்கும் நூல் பிடித்துப் பார்த்து, சிப்பத்தை இறக்கி மறுபடி பார்க்க வேண்டும். இறக்கியதும் பலகை பழைய நிலைக்கு வந்தால் நல்லது. வளைந்தபடியே நின்றால் அந்தப் பலகை ஈரமாக இருக்கிறது அல்லது உள்ளே வெடித்திருக்கிறது, மாற்றிவிட வேண்டும். ஒன்பது நாள் பாரம் ஏறி நிற்கிற இடத்தில், ஒரு நிமிடம் ஏறி நின்று குதித்துப் பார்ப்பது சோதனையே அல்ல.

அடுக்குகிற அன்று ரசமட்டம் வைத்துக் கீழ்ப்படியை மட்டம் பார்த்து, ஆடும் மூலைக்கு ஆப்பு கொடுத்துவிட்டால் மேலே உள்ளவை தானாகச் சரியாகும். ஒவ்வொரு அடுக்கையும் கீழ் அடுக்கோடு பின்பக்கத்தில் இரண்டு திருகு போட்டு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் துணியை இழுத்துச் செருகும்போது மேல் அடுக்கு நகர்ந்து வரும். பலகைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் கடைசித் தொல்லை. மரப்பாச்சியின் பாதம் அதில் இறங்கும். படிக்கு அளவாக மெல்லிய பிளைவுட் ஒன்று போட்டு அதன்மேல் துணி விரித்தால் தீர்ந்தது. பிளைவுட் எடையைப் பக்கத்துப் பலகைகளுக்கும் கொஞ்சம் பகிர்ந்து கொடுக்கும். குத்துவிளக்கு படிமேல் வேண்டாம், தரையில், துணியிலிருந்து நன்றாகத் தள்ளி. உலர்ந்த பைனும் தொங்கும் பருத்தித் துணியும் தீக்கு இடம் பார்த்துக் கொடுத்த மாதிரி.

பழப்பெட்டியில் படி கட்டலாமா என்றும் கேட்கிறார்கள். ஆப்பிள் பெட்டி மெல்லிய பலகையை ஸ்டேப்ளர் பின்னால் பிணைத்தது. கவிழ்த்து வைத்தால் நடுவில் தாங்க ஒன்றும் இல்லை. காகிதக்கூழ் பொம்மைக்கும் சுண்டல் கிண்ணத்துக்கும் சரி, மண் பொம்மைக்கு வேண்டாம். படுக்க வைத்தால், அதாவது திறந்த வாய் நம்மைப் பார்க்கும்படி வைத்தால், பக்கப் பலகைகள் தூண் மாதிரி நின்று கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் போனால் மேலே சொன்ன இழுவைக் கணக்கு திரும்பி வந்துவிடும்.

கொலு முடிந்து பொம்மைகளைப் பெட்டியில் ஏற்றியபின் திருகைக் கழற்றி ஐந்து துண்டையும் பரண்மேல் வைக்கலாம். தரையோடு வைத்தால் கரையான். டிசம்பரில் குடில் கட்டும் வீட்டுக்கு அதே ஐந்தும் மலைக்கு அடித்தளமாகப் போகும், அங்கே மட்டம்கூடப் பார்க்க வேண்டியதில்லை. வெட்டிய பேலட்டை யாரும் திரும்ப ஏற்றுமதிக்கு அனுப்ப முடியாது. மாற்றிச் செய்த மரத்தில் பழைய முத்திரை செல்லாது, மறுபடி சுட்டுப் புது முத்திரை வாங்க வேண்டும் என்பது விதி. அடுத்த வருடம் இறக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது திருகு போட்ட பழைய ஓட்டைகளை. அவை தளர்ந்திருந்தால் அரை அங்குலம் தள்ளிப் புது ஓட்டை. மரத்தடியில் மாவு மாதிரிப் பொடி உதிர்ந்திருந்தால் உளு பிடித்துவிட்டது, அந்தத் துண்டை எடுத்துவிட வேண்டும். எடுத்ததை வெந்நீர் அடுப்புக்குப் போடுகிறவர்கள் அது எந்தக் கட்டடத்திலிருந்து வந்தது என்பதை நிச்சயமாகத் தெரிந்திருந்தால் மட்டும் போடலாம். குரோம் ஏறிய கட்டையை எரித்தால் அதுவரை சாதுவாக இருந்த குரோம், சாம்பலில் ஆறிணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். அந்தச் சாம்பலைத்தான் பலர் பாத்திரம் தேய்க்கவும் செடிக்குப் போடவும் எடுத்து வைக்கிறார்கள்.